அடுத்த சிறிய எண்ணுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?

ஒரு தேடல் மரத்தில் பத்து லட்சம் எண்கள் இருக்கின்றன. எந்தக் கணுவை எடுத்தாலும் இடப்பக்கம் அதைவிடச் சிறியவை, வலப்பக்கம் பெரியவை. கேட்கும்போதெல்லாம் அடுத்த சிறிய எண்ணை எடுத்துத் தரும் நிரல்பகுதிக்கு இட்டரேட்டர் என்று பெயர். எல்லா எண்களையும் முதலிலேயே வரிசையாக ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டால் வேலை சுலபம். ஆனால் எண்ணுக்கு 8 பைட் வீதம் 80 லட்சம் பைட் போய்விடும்; கேட்பவர் பத்தாவது எண்ணோடு நிறுத்திக்கொண்டாலும் செலவு குறையாது. இதற்கு அவசியமே இல்லை. மரத்தின் உயரமளவு நினைவகம் போதும்.

உச்சியில் 50, அதன் கீழ் இடப்பக்கம் 30, வலப்பக்கம் 70, முப்பதின் கீழ் 20, 40, நாற்பதின் இடப்பக்கம் 35 என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கமாகவே இறங்கி, வழியில் வரும் 50, 30, 20 ஆகியவற்றை ஒரு ஸ்டேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறோம். மேலே உள்ள 20 முதல் விடை. அதற்கு வலக்கிளை இல்லாததால் அடுத்த விடை 30. முப்பதுக்கு வலக்கிளை உண்டு. அங்கே போய் மறுபடி இடப்பக்கமாக இறங்க, 40, 35 ஸ்டேக்கில் ஏறுகின்றன. இப்போது உள்ளே இருப்பவை 50, 40, 35. எழுபதைப் பற்றி இதுவரை எதையும் குறித்துவைக்கவில்லை. ஐம்பது வெளியே வரும்போது அதன் வலக்கிளை எழுபதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கணுவிலிருந்து வலப்பக்கம் திரும்பினோம் என்றால் அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்று பொருள். ஆகவே, இடப்பக்கம் திரும்பிவந்த, இன்னும் கொடுக்காத கணுக்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அவை எல்லாம் உச்சியிலிருந்து இறங்கும் ஒரே பாதையில் இருப்பதால், மரத்தின் மட்டங்களை விட எண்ணிக்கை கூடாது. ஏ.வி.எல். மரத்தில் பத்து லட்சம் எண்களுக்கு அதிகபட்சம் 28 மட்டங்கள். முகவரிக்கு 8 பைட் என்றால் மொத்தம் 224 பைட்.

சில நேரம் ஒரே விடைக்காக நீளமாக இறங்க வேண்டியிருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் ஒவ்வொரு கணுவும் ஸ்டேக்கில் ஒருமுறை ஏறி ஒருமுறைதான் இறங்குகிறது, எனவே சராசரியில் ஒரு விடைக்கான வேலை மாறாத அளவே. சமன் செய்யப்படாத மரம் என்றால் கவலை நியாயமானது, அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். எண்களை இறங்குவரிசையில் சேர்த்தால் இடப்பக்கச் சங்கிலி உருவாகி, பத்து லட்சமும் ஸ்டேக்கில் ஏறும். ஏறுவரிசையில் சேர்த்தால் மரம் அதே அளவு உயரம்தான், ஆனால் ஸ்டேக்கில் எப்போதும் ஒன்றுக்கு மேல் இருக்காது!

ஸ்டேக்கே இல்லாமல் முடியாதா? 1979இல் வெளியான மாரிஸ் முறையில் முடியும். அது போகும் வழியில் மரத்தின் இணைப்புகளைத் தற்காலிகமாக மாற்றுகிறது. பாதியில் நிறுத்தினால் மரம் திருகலாகவே நிற்கும், ஒரே நேரத்தில் இருவர் படிக்கவும் இயலாது. ஒவ்வொரு கணுவிலும் பெற்றோரின் முகவரியை வைப்பது இன்னொரு வழி. பத்து லட்சம் கணுக்களுக்கு அது மறுபடியும் 80 லட்சம் பைட். இருந்தாலும் படித்துக்கொண்டிருக்கும்போதே எண்களைச் சேர்க்க வேண்டிய இடத்தில் அந்தச் செலவு தகும், ஏனெனில் மரம் மாறினால் ஸ்டேக்கில் உள்ள பாதை பழசாகிவிடும். படிக்கும்போது மாறாத, சமன் செய்யப்பட்ட மரத்துக்கு ஸ்டேக்கே சரியான தேர்வு.