கண்ணீரா, கண் நீரா?

கிளாக்கோமாவுக்குத் தமிழில் ‘கண் நீர் அழுத்த நோய்’ என்று ஒரு பெயர் உண்டு. கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுப்பதால் வந்த பெயர். பிழை திருத்துபவர் ஒருவர் அக்கறையாகச் சந்தி சேர்த்துவிட்டால் அது ‘கண்ணீர் அழுத்த நோய்’ ஆகிவிடும். இலக்கணம் சரி, வைத்தியம் தப்பு. கன்னத்தில் வழியும் கண்ணீருக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை.

ஒரு கண் மருத்துவமனை பல வருஷங்களாக, பல அச்சகங்களில், பலரை வைத்து எழுதி வாங்கிய துண்டறிக்கைகள் ஒரு மேஜையில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் ‘கண்புரை’, இன்னொன்றில் ‘கேடராக்ட்’. ஒன்றில் ‘டாக்டர்’, மற்றதில் ‘மருத்துவர்’. ‘அறுவை சிகிச்சை’, ‘அறுவைச் சிகிச்சை’, ‘ஆபரேஷன்’ மூன்றும் ஒரே தாளில்கூட வரும். இனி அச்சாகும் எல்லாம் ஒரே மாதிரி இருக்க, எந்தச் சொல், எந்த எழுத்து, எந்தத் தொனி என்று முடிவெடுத்து எழுதி வைக்கும் சிறு பட்டியல்தான் ஸ்டைல் ஷீட். தமிழில் நடைத்தாள் எனலாம்.

முதல் வேலை திருத்துவதல்ல, பொறுக்குவது. தாள்களுக்கு எண் போட்டு, ஒரே பொருளுக்கு வரும் வெவ்வேறு வடிவங்களை, எந்தத் தாளில் எத்தனை முறை என்று அட்டவணையில் குறிக்க வேண்டும். கணினியில் தேடி எண்ணலாமே என்றால், பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் கைகொடுக்காது. பாமினி எழுத்துருவில் இருந்த ‘தமிழ்’ வெளியே எடுத்து ஒட்டினால் jkpo; என்று விழும். யூனிகோடிலும் கண்ணிகள் உண்டு. ‘கௌரவ ஆலோசகர்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் அகப்படாது. பழைய தாள்களைக் கையால் எண்ணுவதே நல்லது.

எண்ணிக்கை முடிந்ததும் அதிகம் வந்ததைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். எழுத்து விஷயத்தில் அது பெரும்பாலும் போதும். ‘அறுவை சிகிச்சை’யில் ச் வருமா வராதா என்பதற்கு இரு பக்கமும் வாதாட ஆள் உண்டு; ஒன்றை முடிவுசெய்து அதோடு நிற்பதே முக்கியம். கலைச்சொல்லில் பெரும்பான்மை செல்லாது. பத்துத் தாளில் ‘கண்ணீர் அழுத்த நோய்’ என்றிருந்தாலும் அது பிழைதான். அங்கே தீர்ப்பு டாக்டருடையது. நோயாளி வாயில் என்ன சொல் வருகிறது என்பதைப் பதிவு கவுண்ட்டரில் உட்கார்ந்து கேட்டால் தெரியும். கலைச்சொல்லை ஒருமுறையும், பழகிய ‘கிளாக்கோமா’வை உடனே பக்கத்திலும் போட்டுவிடலாம்.

தொனிதான் கடினம். ‘நோயாளிகள் தலைக்குக் குளிப்பதைத் தவிர்க்கவும்’ என்கிறது ஒரு தாள். ‘தலைக்குக் குளிக்காதீர்கள்’ என்கிறது இன்னொன்று. முதலாவது நோட்டீஸ் பலகையின் குரல், இரண்டாவது எதிரே உட்கார்ந்து பேசும் நர்ஸின் குரல். வீட்டுக்கு எடுத்துப் போகும் தாளுக்கு இரண்டாவதே பொருந்தும். ஆனால் ‘மரியாதையாக எழுதவும்’ என்று நடைத்தாளில் போட்டால் யாருக்கும் உதவாது. ‘நோயாளி அல்ல, நீங்கள், தவிர்க்கவும் அல்ல, செய்யாதீர்கள்’ என்று மாற்ற வேண்டியதையும் மாற்றியதையும் அருகருகே காட்ட வேண்டும்.

தொனியும் பொருளும் பின்னிக் கிடக்கும் இடமும் உண்டு. ‘சொட்டு மருந்தை 4 வேளை விடவும்.’ பலருக்கு வேளை என்றால் சாப்பாட்டு வேளை, அதாவது மூன்று. நான்காவதை எங்கே வைப்பது? ‘காலை, மதியம், மாலை, இரவு, ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு’ என்பது போல டாக்டர் சொல்லும் நேரங்களைப் பெயர் சொல்லி எழுதுவது என்று நடைத்தாளில் சேர்க்க வேண்டியிருக்கும்.

நடைத்தாள் தயாரானதும் கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிடும் ஆசை வரும். ‘நோயாளி’யை ‘நீங்கள்’ ஆக்கினால் ‘நோயாளிக்கு’ என்பது ‘நீங்கள்க்கு’ ஆகும். ‘கண்ணீர்’ எல்லாவற்றையும் ‘கண் நீர்’ ஆக்கினால், உண்மையாகவே கண்ணீர் வடிவதைச் சொல்லும் இடமும் கெடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். பொது இலக்கணத்தைத் ‘தமிழ் நடைக் கையேடு’ போன்ற நூலிடம் விட்டுவிட்டு, இந்த மருத்துவமனைக்கே உரிய சந்தேகங்களை மட்டும் வைத்துக்கொள்வது போதும்.

கடைசியாக, குவியலில் இல்லாத ஒரு புதுத் துண்டறிக்கையை அதைக் கொண்டு திருத்திப் பார்க்க வேண்டும். ஓட்டை அப்போதுதான் தெரியும். ‘ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடி’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. மூக்கில் மாட்டுவதா, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸா? நடைத்தாளில் பதில் இல்லை. புது வரி ஒன்று சேர்கிறது: கண்ணாடி என்றால் மூக்குக்கண்ணாடி மட்டும், உள்ளே வைப்பது லென்ஸ்.