ஒப்புதல் பொத்தானுக்குப் பின்னால்

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் போன் பெரும்பாலும் கடையிலிருந்து வருவதில்லை. அப்பா புதுசு வாங்கியதும் அவருடைய பழைய ஆண்ட்ராய்டு போன் கைமாறி வருகிறது. அன்று வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கலாம்?’ என்பது. கவலை நியாயமானதுதான், ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழவில்லை. ஒரு மணி நேரத்தில் பிள்ளை கதை கேட்கலாம். அதே ஒரு மணி நேரத்தில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரோடு மைக்கில் பேசிக்கொண்டும் இருக்கலாம். கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றே. போனுக்குள் என்ன வருகிறது என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாடு இதைவிட வலுவானது. அது ஆப் கடையில், பெற்றோரின் ஒப்புதலைக் கேட்டு நிற்கும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. அந்த நொடியைத்தான் நம் வீடுகளில் யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகிறோம்.

அந்த ஒப்புதலைப் பெற்றோரின் கையில் தருவது கூகுளின் ஃபேமிலி லிங்க்; ஆண்ட்ராய்டு போன்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஏற்பாடு. அது போனைக் கட்டுப்படுத்துவதாகத் தோன்றினாலும், உண்மையில் கட்டுப்படுத்துவது பிள்ளையின் கூகுள் கணக்கை. அதனால் அப்பாவின் கணக்கு உள்ளே இருக்கும் போனை அப்படியே கொடுத்துவிட்டு ஃபேமிலி லிங்கைப் போட்டால் பயன் இல்லை. பிளே ஸ்டோரைப் பொறுத்தவரை போனை வைத்திருப்பவர் அப்பாதான். முதலில் போனை முழுதாக அழித்து, புதிதுபோல ஆக்க வேண்டும். பெற்றோர் தன் கணக்கிலிருந்து பிள்ளைக்கு ஒரு கணக்கு தொடங்கி, உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்து, அந்தக் கணக்கால் மட்டும் போனைத் திறக்க வேண்டும். பிறகு ஒப்புதல் அமைப்பில் எல்லாவற்றுக்கும் அனுமதி தேவை என்பதைத் தேர்ந்தெடுத்தால், காசு கேட்காத ஆப்பைப் பிள்ளை தொட்டாலும் பெற்றோரின் போனில் கோரிக்கை வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்குவதற்கு மட்டும் ஒப்புதல் கேட்கும்படியும் அமைக்கலாம். பலர் அதையே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் நிறுவுவதில் பெரும்பகுதி இலவச ஆப்தான் என்பதால், அப்படி விடுவது கதவைச் சாத்தாமல் பூட்டை மட்டும் தொங்கவிடுவதற்குச் சமம்.

கோரிக்கை வந்ததும் பெற்றோர் பார்ப்பது ஆப்பின் பெயரையும் அதன் வயதுக் குறியையும். ‘Rated for 3+’ என்று இருந்தால் மனம் நிம்மதியாகிவிடுகிறது. இந்தக் குறி எப்படி வருகிறது என்பது இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் வியப்பளிக்கும் விஷயம். சினிமாவுக்குச் சான்றிதழ் தர ஒரு குழு படத்தை உட்கார்ந்து பார்க்கிறது. ஆப்புக்கு அப்படி இல்லை. ஆப்பை உருவாக்கியவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்: வன்முறை உண்டா, இரத்தம் தெரியுமா, கெட்ட வார்த்தை வருமா, சூதாட்டம் உண்டா என்று. ஐஏஆர்சி என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் ஏற்பாடு அது. ஒரே விடைத்தாளிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு குறி, ஐரோப்பாவுக்கு ஒரு குறி, தனக்கென்று தனி அமைப்பு இல்லாத நாடுகளுக்கு 3+, 7+, 12+, 16+, 18+ என்ற பொதுக் குறி என்று கணினி பிரித்துக் கொடுக்கிறது. நாம் காண்பது இந்தப் பொதுக் குறியை. பொய் சொன்னவர் பிடிபட்டால் குறி மாற்றப்படும் என்பது உண்மையே. ஆனால் பிரச்சினை பொய் அல்ல. கேள்வித்தாள் பெரும்பாலும் கேட்பது உருவாக்கியவர் உள்ளே வைத்த பொருளைப் பற்றி. அந்த ஆப்பில் நாளை வந்து பேசப்போகும் அந்நியர்களைப் பற்றி அவர் என்ன எழுத முடியும்? அதற்காக வயதுக் குறியோடு சேர்த்து, பொடி எழுத்தில் தனியாக ஒரு குறிப்பு போடுகிறார்கள்: ‘Users Interact’. இந்த ஆப்பில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம் என்று பொருள். இந்தக் குறிப்பு வயது எண்ணைக் கூட்டுவதில்லை. ஆகவே 3+ என்ற எண்ணும் அந்நியர் அரட்டையும் ஒரே ஆப்பில் சண்டையின்றிக் குடியிருக்க முடியும்.

ஒரு லூடோ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். எந்த ஒரு ஆப்பையும் குறிப்பாகச் சொல்லவில்லை; இந்த வகையில் ஏராளம் உண்டு. பகடை, நான்கு நிறக் காய்கள். வன்முறை இல்லை, இரத்தம் இல்லை. 3+ கிடைத்துவிடுகிறது. பிள்ளை கேட்கிறது, அம்மா சமையலறையிலிருந்தே ஒப்புதல் தருகிறார். சில வாரங்களில் அந்த ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. விளையாடும்போதே எதிராளியோடு பேசுவதற்குக் குரல் அறை சேர்ந்திருக்கிறது, மைக் அனுமதி கேட்கிறது. இப்போது அம்மாவின் போனுக்குப் புதிய கோரிக்கை வருமா? வராது. ஒருமுறை ஒப்புதல் பெற்ற ஆப்பின் புதுப்பிப்புக்கு மறுபடி ஒப்புதல் தேவையில்லை என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. புதுப்பிப்பில் புதிய உள்ளடக்கம் வந்தாலும், கூடுதல் தரவோ அனுமதியோ கேட்டாலும் அப்படித்தான். அழித்த ஆப்பை மீண்டும் இறக்குவதற்கும் அதே விதி. அதாவது அம்மா ஒப்புக்கொண்டது அன்றைக்கு இருந்த லூடோவை; போனில் இருப்பது இன்றைய லூடோ. இதில் ஏமாற்று ஏதும் இல்லை. வாராவாரம் மாறும் பொருளுக்கு ஒருமுறை முத்திரை குத்தினால் இப்படித்தான் ஆகும்.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் பிறக்கின்றன. ஒன்று, ஒப்புதல் கொடுக்கும் முன் வயதுக் குறியைத் தொட்டு விரித்து, அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது. ‘Users Interact’ இருந்தால் ஆப்பை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. பெற்றோரே முதலில் நிறுவிப் பத்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மற்றொன்று, மைக், கேமரா, இருப்பிடம் ஆகிய மூன்று அனுமதிகள் எந்தெந்த ஆப்புக்கு இருக்கின்றன என்பதை மாதம் ஒருமுறை பார்ப்பது. இதை ஃபேமிலி லிங்க் வழியாகப் பெற்றோரின் போனிலிருந்தே செய்யலாம், அனுமதியைத் திருப்பி வாங்கவும் செய்யலாம். லூடோவுக்கு மைக்கை மறுத்துவிட்டால் பகடை உருளும், குரல் போகாது. ஆனால் முப்பது ஆப்புகள் இருக்கும் போனில் இந்தச் சோதனையை ஒருவரும் செய்யமாட்டார். ஏழெட்டு ஆப் இருந்தால் செய்வார். முதல் போனில் பட்டியல் குட்டையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். கண்டிப்பு அல்ல, மேற்பார்வை செய்யக்கூடிய அளவு என்பதுதான்.

பிளே ஸ்டோரை எவ்வளவு இறுக்கினாலும் அது ஒரு வாசல் மட்டுமே. நம் ஊரில் விற்கும் போன்கள் பலவற்றில் தயாரிப்பாளரின் சொந்தக் கடையும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்: சாம்சங்கில் Galaxy Store, ஷாவ்மியில் GetApps. கூகுளின் ஒப்புதல் விதி அங்கே செல்லாது. ஃபேமிலி லிங்கின் ஆப் பட்டியலில் அந்தக் கடையையே தடுத்துவிடுவதுதான் வழி. அடுத்தது, வாட்ஸ்அப்பில் நண்பன் அனுப்பும் ஏபிகே கோப்பு. வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதியையும் ஃபேமிலி லிங்கில் மூடிவைக்கலாம். மூன்றாவது பிரவுசர். இணையதள வடிகட்டி குரோமுக்கு உள்ளே மட்டும் வேலை செய்யும். வேறு பிரவுசரிலும், ஓர் ஆப் தனக்குள்ளேயே திறக்கும் சின்ன ஜன்னலிலும் அதற்கு அதிகாரமில்லை. ஏதாவது ஒரு வாசல் திறந்திருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. போனின் அமைப்புகளில் ஆப் பட்டியலைத் திறந்து, சந்தேகமான ஆப்பைத் தொட்டு, பக்கத்தின் அடிக்குப் போனால் பெரும்பாலான போன்களில் அது எந்தக் கடையிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். பிளே ஸ்டோர் என்று இல்லாவிட்டால், அது ஒப்புதல் கேட்காமல் வந்தது, அல்லது போனோடு பிறந்தது.

நேர வரம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரவு ஒன்பதுக்குப் போன் பூட்டிக்கொள்வது நல்ல ஏற்பாடு, தூக்கத்துக்காக. பூட்டியிருக்கும்போதும் தொலைபேசி அழைப்பு செய்யலாம் என்பதால் அவசரத்துக்குப் பயமில்லை. அதற்கு மேல் நிமிடக் கணக்கில் பிள்ளையோடு மல்லுக்கு நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எதிர்வாதங்கள் இரண்டு. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் உடைத்துவிடுவார்கள்’ என்பது முதலாவது. உடைப்பவர்கள் உண்டு. ஆனால் நடைமுறையில் பூட்டு உடைவதைவிடச் சாவி கைமாறுவதே அதிகம். பிள்ளையின் போனிலேயே பெற்றோர் தன் கடவுச்சொல்லை அடித்து உடனே ஒப்புதல் தரும் வசதி இருக்கிறது. தோளுக்குப் பின்னால் நிற்கும் பத்து வயதுக் கண்ணுக்கு அந்தக் கடவுச்சொல் இரண்டாம் தடவையில் மனப்பாடம். ஒப்புதலை எப்போதும் தன் போனிலிருந்தே தருவது என்று வைத்துக்கொண்டால் இந்த ஓட்டை அடைபடும். இரண்டாவது வாதம் கனமானது: இது பிள்ளையை உளவு பார்ப்பதல்லவா? இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் செய்திகளைத் திருட்டுத்தனமாகப் படிப்பது உளவு; ஃபேமிலி லிங்க் அதைச் செய்வதில்லை, செய்தியின் உள்ளடக்கத்தை அது காட்டாது. எந்த ஆப் உள்ளே வரலாம் என்று வாசலில் நின்று கேட்பது வேறு. பெற்றோர் மேற்பார்வை இருப்பது பிள்ளைக்கும் தெரிகிறது. தன் போனிலேயே அதைப் பார்க்கலாம். மறைவாக வேவு பார்க்கும் ஆப்களை விலைக்கு வாங்கிப் போடுகிறவர்களைவிட, பிள்ளையை உட்காரவைத்து, ‘இந்த லூடோவில் தெரியாதவர் பேசலாம், அதனால் மைக்கை எடுத்துவிட்டேன்’ என்று சொல்கிறவர் எனக்கு நேர்மையானவராகப் படுகிறார்.

இத்தனையையும் வீணாக்கும் பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது: பிறந்த வருடத்தைக் குறைத்து, வயதைக் கூட்டிப் போடுவது. மேற்பார்வையின் பெரும்பகுதி 13 வயதுக்குக் கீழ் என்ற அடித்தளத்தில் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளையைப் பதினைந்து என்று பதிந்துவிட்டால், அந்தக் கணக்கைப் பெரிய பிள்ளையின் கணக்காகவே கூகுள் நடத்தும். இப்படிப் பொய் சொல்ல வைப்பதில் பள்ளிகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் பங்குண்டு. வாட்ஸ்அப்பின் சொந்த விதிப்படி பிள்ளை தானாகக் கணக்கு வைத்திருக்க 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அது தெரிந்தும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் எண்களைச் சேர்த்துக் குழு தொடங்கி, வீட்டுப்பாடத்தை அதில் மட்டும் போடுகிறார்கள். பெற்றோரின் எண்ணைச் சேர்த்தாலே காரியம் நடந்துவிடும். வகுப்பாசிரியரிடம் அதைக் கேட்கத் தயங்கித்தான் பல வீடுகளில் அந்த ஆப்புக்கு முதல் ஒப்புதல் போகிறது.