ஷட்டரை இறக்கிய பிறகு

பதினோரு வருடம் நடத்திய கடையை மூடிவிட்டதாக நண்பர் சொல்லும்போது, "விடுப்பா, பார்த்துக்கலாம்" என்பதுதான் முதலில் வாயில் வரும். அந்த ஆறுதல் அவருக்குத் தேவைதான். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் இரண்டு கேள்விகளும் கேட்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணை ரத்து செய்தாயா? கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கையெல்லாம் திரும்ப வாங்கினாயா? மூடிய கடையிலிருந்து பின்னாளில் வரும் தொல்லைகளில் பல இந்த இரண்டில்தான் தொடங்குகின்றன.

மதுரையில் எலெக்ட்ரிகல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர். வியாபாரமே இல்லையே என்று கடையைப் பூட்டியதோடு ரிட்டர்ன் போடுவதையும் நிறுத்திவிடுகிறார். எண் உயிரோடு இருக்கும்வரை, விற்பனை இல்லாவிட்டாலும் 'நில்' ரிட்டர்ன் போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஒரு ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய், உச்சவரம்பு 500 ரூபாய் தாமதக் கட்டணம். GSTR-1, GSTR-3B இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 1,000 ரூபாய் வரை ஏறும். ஆறு மாதம் தொடர்ந்து போடாவிட்டால் அதிகாரியே எண்ணை ரத்து செய்யலாம். செய்தாலும், அந்தத் தேதி வரைக்குமான பாக்கி அப்படியே நிற்கும்.

முறையான வழி எளிது. தொழிலை நிறுத்திய 30 நாளுக்குள் ஜிஎஸ்டி இணையதளத்தில் REG-16 விண்ணப்பம் போட வேண்டும். ரத்து உத்தரவு வந்தபின் மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற கடைசி ரிட்டர்ன். நிறையப் பேர் தவறவிடுவது இந்தக் கடைசி ரிட்டர்னைத்தான். உத்தரவு வந்ததுமே எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். (காம்போசிஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்த ரிட்டர்ன் இல்லை.)

பணம் கணிசமாகப் போகிற இடம் கையிருப்புச் சரக்கு. மதுரைக்காரரிடம் 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒயர், ஸ்விட்ச், ஃபேன் மிச்சமிருக்கிறது. வாங்கும்போது கட்டிய 18 சதவீத வரி 36,000 ரூபாயை இன்புட்டாக ஏற்கெனவே எடுத்துவிட்டார். எண் ரத்தாகும் நாளில் சரக்கு அவரிடமே இருந்தால், அந்த 36,000 ரூபாயைக் குறைந்தபட்சம் திருப்பிக் கட்ட வேண்டும். இன்புட் கணக்கில் மீதமிருந்தால் அதில் கழியும். இல்லாவிட்டால் கைக்காசு. அதையே ரத்துத் தேதிக்கு முன்பு, இன்னொரு கடைக்காரருக்கு 1.5 லட்சத்துக்கு பில் போட்டு விற்றிருந்தால்? வரி 27,000 ரூபாயை வாங்குபவர் கொடுப்பார். அவருக்கும் அது இன்புட்டாகக் கிடைக்கும் என்பதால் பெரிதாக மறுக்க மாட்டார். ஆக, சரக்கைத் தள்ளிவிட்ட பிறகே ரத்துத் தேதியைக் குறிக்க வேண்டும். வரிசை மாறினால் நஷ்டத்தின் மேல் நஷ்டம்.

கடையில் பயன்படுத்திய கம்ப்யூட்டர், பிரிண்டருக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. ஆயுள் 60 மாதம் என்று வைத்து, மிச்சமுள்ள மாதங்களின் விகிதத்தில் இன்புட்டைத் திருப்ப வேண்டும். பழைய சாமான் என்றால் தொகை சிறியதாகத்தான் இருக்கும்.

செக் விஷயம் இதைவிட ஆபத்தானது. மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும்போது, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கைக் கொடுத்துவைப்பது பல ஊர்களில் வழக்கம். கடை மூடியதும் கரண்ட் அக்கவுண்டையும் மூடிவிட்டால் அந்த செக் செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. 'கணக்கு மூடப்பட்டது' என்று திரும்பும் செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. கையெழுத்திட்ட வெற்று செக்கை வாங்கியவரே நிரப்பினாலும் வழக்கு நிற்கும் என்பது 2019 தீர்ப்பு. தண்டனை இரண்டு வருடச் சிறை வரை, அபராதம் செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை.

தற்காப்பும் இருக்கிறது. செக் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டிவிட்டால் வழக்கே எழாது. அதனால் பழைய கடை முகவரிக்கு வரும் தபால் கைக்கு வந்துசேர ஏற்பாடு செய்வது முக்கியம். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தும், அதை செக்கில் குறிக்காமல் முழுத்தொகைக்குப் போட்டால் 138 பொருந்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை நிரூபிக்கக் கட்டிய பணத்துக்குச் சான்று வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கொடுப்பதும், முழுதும் தீர்ந்ததும் செக்கைத் திரும்ப வாங்கி, 'பாக்கி இல்லை' என்று எழுதி வாங்குவதும் அதற்காகத்தான்.

மனம் உடைந்திருப்பவருக்கு இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து செய்யத் தெம்பிருக்காது. நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போய், பழைய செக் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எடுத்துவைத்து, யாருக்கு எந்த எண் போனது என்று கூடவே எழுதித் தரலாம். ஆடிட்டரிடம் கூட்டிப்போவது அடுத்த நாள் வேலை.