சுமை ஏறினால் சாயும் கணினி

மின்னஞ்சல், கணக்கு, பாட்டு என்று நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் கணினி, கல்யாண வீடியோவை ரெண்டர் செய்ய விட்டதும் பொசுக்கென்று அணைந்து, தானே மறுபடி எழுந்து வருகிறது. நீலத்திரையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. பலர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்க்கிறார்கள். அடுத்த ரெண்டரில் பழைய கதைதான்.

Event Viewer-ஐத் திறந்தால் Kernel-Power 41 என்ற பதிவு இருக்கும். கணினி முறையாக அணையவில்லை என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லாது. ஆனால் அதனுள் BugcheckCode 0 என்று இருந்தால், பிழையைக் குறித்து வைக்கக்கூட அவகாசம் கிடைக்காமல் கணினி நின்றிருக்கலாம். அப்போது முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீதுதான். பிராசசர் சூடேறினால் பெரும்பாலும் முதலில் வேகம்தான் குறையும்.

எஸ்எம்பிஎஸ், மின்னழுத்தம் சரியாக இருக்கும்வரை 'பவர் குட்' என்ற சிக்னலை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அழுத்தம் சரிந்து அந்தச் சிக்னல் நின்றதும் மதர்போர்டு பிராசசரை ரீசெட் செய்துவிடும். அணைந்ததும் சுமை இறங்குவதால் அழுத்தம் மீள்கிறது, கணினி மறுபடி கிளம்புகிறது.

பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ள ஒரு கணினியில், பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பயன்படாத நான்கு பின் பிளக்கில் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையைப் மஞ்சள் ஒயரிலும் வைக்க வேண்டும். முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. கணினி சும்மா இருக்கும்போது 12.08 வோல்ட். இதைப் பார்த்து 'நல்லாத்தானே இருக்கு' என்று மூடிவிடுவதுதான் வழக்கமான தவறு. ரெண்டரை ஓடவிட்டால் 11.6, பிறகு 11.3, அடுத்த நொடி ரீஸ்டார்ட். 12 வோல்ட் வழிக்கு ஏற்கத்தக்க எல்லை 11.40 முதல் 12.60 வரை. வயதான கெப்பாசிட்டர்களும் சக்திக்கு மீறிய சுமையும் இப்படி அழுத்தத்தைக் கீழே இழுக்கும்.

அதே நேரத்தில் கிராபிக்ஸ் கார்டின் பிளக்கிலும், அதன் பின்பக்கம் வழியாக, அளந்து பார்ப்பது நல்லது. அங்கே மட்டும் 11.2-க்கு இறங்கி, காலிப் பிளக்கில் 11.9 நின்றால் எஸ்எம்பிஎஸ் மீது பழியில்லை. இடையிலுள்ள அடாப்டர் அல்லது தளர்ந்த இணைப்புதான் காரணம்; பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

மதர்போர்டு சென்சாரைப் படித்துத் திரையில் காட்டும் மென்பொருள் எண்களைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. மல்டிமீட்டருக்கும் வரம்பு உண்டு: அது நொடிக்குச் சில முறையே எண்ணை மாற்றுகிறது, கிராபிக்ஸ் கார்டோ மில்லிநொடிக்குள் மின்சாரத்தைத் திடீரென்று உறிஞ்சும். அந்தச் சரிவைக் காண ஆசிலோஸ்கோப் வேண்டும். ஆகவே 11.9 காட்டியும் ரீஸ்டார்ட் தொடர்ந்தால், போதிய வாட் உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, அதே ரெண்டரை ஓட்டிப் பார்க்கலாம். பழையதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.