48,213-இல் நின்றுபோன வரிசை

இணையக் கடையில் ஒருவர் ஆர்டர் போடுகிறார். பணம் பிடித்தாகிவிட்டது; உறுதிச் செய்தி மட்டும் வரவில்லை. அதே நேரத்தில் வாங்கிய இன்னொருவருக்கு உடனே வந்துவிட்டது. சர்வர்களோ குறையில்லாமல் ஓடுகின்றன. இப்படி ஆளுக்கு ஆள் மாறும் கோளாறுக்கு ஒரே ஒரு பழுதான மெசேஜ்கூடக் காரணமாகலாம்.

லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட காஃப்கா, மெசேஜ்களைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைக்கிறது. ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் மெசேஜ்களுக்கு வரிசை எண் உண்டு. அதுதான் ஆஃப்செட். அவற்றைப் படிக்கும் நிரலான கன்ஸ்யூமர், எதுவரை முடித்தோம் என்று அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டே போகும்.

ஓர் உதாரணம். விலை என்ற இடத்தில் 499 என்ற எண் வரவேண்டும். புதிதாக மாற்றிய செயலி ‘ரூ.499’ என்று எழுத்தாக அனுப்பிவிடுகிறது. கன்ஸ்யூமரால் அதைப் பிரித்துப் படிக்க முடியவில்லை; பிழை காட்டி விழுகிறது. மீண்டும் எழுந்தால், குறித்துவைத்த இடம் மாறவில்லையே! அதே மெசேஜ், அதே பிழை. பின்னால் வரும் நல்ல ஆர்டர்கள் குவிகின்றன. கூடுதல் கன்ஸ்யூமர்களை இறக்கினாலும் பயனில்லை. ஒரு குழுவில் ஒரு பார்ட்டிஷனை ஒருவர்தான் படிக்க முடியும்.

கண்டுபிடிக்க ஒரு கட்டளை போதும்:

```
kafka-consumer-groups.sh --bootstrap-server localhost:9092 --describe --group orders
```

மற்ற பார்ட்டிஷன்களில் எண்கள் நகர்ந்துகொண்டிருக்க, ஒன்றில் மட்டும் `CURRENT-OFFSET` 48213-லேயே நிற்கும். `LAG` ஏறிக்கொண்டே போகும். வெறும் வேகக்குறைவாக இருந்தால் அந்த எண் மெல்லவாவது நகர்ந்திருக்கும்.

அவசரத்துக்கு, அந்த மெசேஜை நகலெடுத்து வைத்துவிட்டு, குழுவின் கன்ஸ்யூமர்களை எல்லாம் நிறுத்தி, அந்த ஒரு பார்ட்டிஷனின் ஆஃப்செட்டை 48214-க்கு மாற்றலாம். நிறுத்தாமல் மாற்றப் போனால் காஃப்கா மறுத்துவிடும்.

நிலையான வழி, ‘டெட் லெட்டர்’ டாபிக் ஒன்றைத் தனியாக வைப்பது. படிக்க முடியாததை அங்கே போட்டுவிட்டு, எந்தப் பார்ட்டிஷன், எந்த ஆஃப்செட், என்ன பிழை என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு, கன்ஸ்யூமர் அடுத்ததற்குப் போய்விடும். ஆனால் எல்லாப் பிழையையும் அங்கே தள்ளுவது ஆபத்து. டேட்டாபேஸ் பத்து நிமிடம் படுத்துவிட்டால் அந்த நேரத்து நல்ல ஆர்டர்கள் மொத்தமும் அங்கே போய்ச்சேரும். அந்த மாதிரிப் பிழைக்குக் காத்திருந்து மறுபடி முயல்வதே சரி. வடிவம் கெட்ட மெசேஜை எத்தனை முறை படித்தாலும் விளங்கப்போவதில்லை, அதை உடனே ஒதுக்கலாம்.

ஒதுக்கியதைத் திருத்தித் திரும்ப அனுப்பும்போது வரிசை மாறியிருக்கும் என்பதையும் கவனிக்கவேண்டும்: ஆர்டருக்கு முன்பே அதன் ரத்து வந்து சேர்ந்திருக்கலாம். காஃப்கா தன் இயல்பு அமைப்பில் மெசேஜ்களை 7 நாள்தான் வைத்திருக்கும். எனவே டெட் லெட்டர் டாபிக்குக்கு அந்தக் கெடுவை நீட்டி, முதல் மெசேஜ் விழுந்ததுமே அலாரம் அடிக்கும்படி அமைப்பது நல்லது.