‘மௌனக் கொடி’யை உடையாமல் திரையில் ஏற்றுவது

வாட்ஸ்அப்பில் ஒழுங்காகத் தெரிந்த பெயர், வீடியோ எடிட்டிங் மென்பொருளில் ஒட்டியதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கலைந்து நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து, பத்து எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. கோளாறு அநேகமாக அங்கே இருக்காது.

ஒரு குறும்படத்துக்கு ‘மௌனக் கொடி’ என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். தமிழில் ஒரு மென்பொருள் எங்கெங்கே சறுக்குமோ அத்தனையும் இந்தச் சின்னப் பெயருக்குள் இருக்கிறது. நம் கண்ணுக்கு இதில் ஐந்து எழுத்துகள்: மௌ, ன, க், கொ, டி. கணினி சேமிப்பதோ, இடைவெளியைச் சேர்க்காமல், ஒன்பது குறியீடுகள். ‘கொ’ என்பது ‘க’ என்றும், அதற்குப் பின்னால் ‘ொ’ என்றும் இரண்டாகவே இருக்கும். அந்த ‘ொ’வைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பைக் ‘க’வுக்கு முன்னால் தூக்கி வைத்து, காலைப் பின்னால் நிறுத்துவது திரையில் வரையும் நேரத்தில் நடக்கிற வேலை. மேல்விலங்கை ‘ட’வோடு சேர்த்து ‘டி’ ஆக்குவதும், புள்ளியைக் ‘க’வின் தலைக்கு நேராக வைப்பதும் அதே வேலைதான். இதைச் செய்யும் பகுதிக்கு எழுத்து இயந்திரம், அதாவது டெக்ஸ்ட் எஞ்சின் என்று பெயர். எந்தக் குறி எங்கே போய் உட்கார வேண்டும் என்ற விதிகள் எழுத்துருவுக்குள் இருந்தாலும், அவற்றைப் படித்து நடத்துவது இந்த எஞ்சின். அது தூங்கினால் எவ்வளவு நல்ல எழுத்துருவும் உடையும்.

ஆகவே முதலில் உடைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. எல்லா எழுத்தும் வந்து, ‘கொ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’ முதலிலும் கொம்பும் காலும் அதற்குப் பின்னாலும் நின்றால், எஞ்சின் தன் வேலையைச் செய்யவில்லை. கொம்பையோ புள்ளியையோ சுற்றிப் புள்ளிகளாலான வட்டம் ஒன்று தெரிந்தால் கதை வேறு. எஞ்சின் விழித்திருக்கிறது, ஆனால் அந்தக் குறி எந்த மெய்யைச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியவில்லை. நடுவில் தவறான குறியீடு புகுந்திருக்கலாம். ஒரே எழுத்தின் பாதிக்கு ஒரு எழுத்துரு, பாதிக்கு இன்னொன்று என்று பிரிந்திருக்கலாம்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. பெயர்ப் பட்டியலைத் திறந்தால் `nksdf; nfhb` என்று இருக்கும். அது பிழையில்லை, பாமினியில் தட்டிய ‘மௌனக் கொடி’. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. கண்ணில் தெரியும் வரிசையிலேயே, கொம்பை முதலில், மெய்யை அடுத்து என்று தட்டுவதால் எஞ்சினுக்கு அங்கே வேலையே இல்லை. பல எடிட்டர்கள் இன்றும் இதை விடாததற்குக் காரணம் அதுதான். அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது. ஆனால் புராஜெக்டை வேறு கணினியில் திறக்கும்போது அந்த எழுத்துரு இல்லாவிட்டால், நடிகர் பெயர் முழுக்க அரைப்புள்ளிகளாக ஓடும். இப்படி வந்த பட்டியலை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

மாற்றியதை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் உரை நல்ல உரை. பிறகு உடைவதெல்லாம் எடிட்டிங் மென்பொருளின் பொறுப்பு. நோட்பேடிலும் கண்ணுக்குச் சிக்காத பிழை ஒன்றுண்டு. ‘மௌ’வைத் தட்டத் தெரியாமல் ‘மெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ வைத்திருப்பார்கள். பார்வைக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. இடைவெளியைக் கூட்டும்போதோ எழுத்தை அசைக்கும்போதோ அந்த ‘ள’ தனியாகக் கழன்று போகும். ‘மௌ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து இடது அம்பை ஒருமுறை அழுத்துங்கள். கர்சர் எழுத்தின் நடுவில் நின்றால் அது இரண்டு எழுத்து.

இனி மென்பொருள். அடோபி பிரீமியர் புரோவில் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. விண்டோஸில் `Edit > Preferences > Graphics` சென்று `Text Engine` என்ற இடத்தில் `South Asian and Middle Eastern` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே தேர்வு `Preferences > Type` பகுதியில் வரும். பதிப்புக்குப் பதிப்பு பெயரும் இடமும் சற்று மாறலாம். மாற்றிய பிறகும் முன்பே போட்ட தலைப்பு உடைந்தபடியே இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மென்பொருளை மூடித் திறந்து, புதிய டெக்ஸ்ட் லேயர் ஒன்றில் நோட்பேடிலிருந்து ஒட்டுங்கள். ஒட்டும் முன்பே எழுத்துருவையும் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். தமிழ் இல்லாத ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘எப்படியோ தமிழ் தெரிகிறதே’ என்று விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் தன்னிடமுள்ள நிர்மலாவை அங்கே செருகியிருக்கும். மேக்கில் அதே புராஜெக்டைத் திறந்தால் வேறு முகம் வரும்.

உடைவு நின்றபின் வருவது இடைவெளிச் சிக்கல். என் கணக்கில் தமிழ்த் தலைப்புகளை அதிகம் கெடுப்பது இதுதான். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளை அகல அகலமாக விட்டு வைப்பது ஒரு பாணி. டெம்ப்ளேட்டுகள் அந்தப் பழக்கத்தோடே வருகின்றன. டிராக்கிங் 200 என்று அதில் முன்பே இருக்கும். டிராக்கிங்கின் அலகு எழுத்து அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 120 பிக்சல் அளவுள்ள எழுத்துக்கு 200 என்றால் ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் 24 பிக்சல் இடைவெளி சேரும். பல மென்பொருள்கள் இதை முழு எழுத்துக்குப் பின்னால் சேர்க்காமல், வரைந்த ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் சேர்த்துவிடுகின்றன. ‘கொ’வின் கொம்பும் ‘க’வும் காலும் தனித்தனி ஆட்களாகச் சமதூரத்தில் நிற்க, ‘கெர’ என்று வாசிக்கும்படி ஆகிவிடுகிறது. சில மென்பொருள்கள் டிராக்கிங் பூஜ்யமாக இல்லாவிட்டால் கூட்டெழுத்துகளையே பிரித்துவிடும். ‘க்ஷ’ இருக்கும் பெயர்கள் அப்போது சிதறும்.

எனவே தமிழுக்கு டிராக்கிங் பூஜ்யம். தலைப்பு அகலமாகத் தெரிய வேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள், அல்லது இயல்பிலேயே அகலமான எழுத்துருவைத் தேடுங்கள். அப்படியும் எழுத்துகள் விலகித்தான் நிற்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தால், இரண்டு முழு எழுத்துகளுக்கு இடையில் மட்டும் கர்சரை வைத்துக் கெர்னிங் மதிப்பைக் கூட்டலாம். ‘மௌனக்’ என்பதில் அப்படிப்பட்ட இடம் இரண்டே: ‘மௌ’வுக்குப் பின், ‘ன’வுக்குப் பின்.

வரி இடைவெளியான லீடிங்கும் இதே போலத்தான். தமிழில் புள்ளியும் மேல்விலங்கும் மேலே ஏறும், ‘கு’, ‘மூ’, ‘ழு’ கீழே இறங்கும். மென்பொருள் தானாக வைக்கும் 120 விழுக்காட்டில், மேல் வரி உகரத்தின் வால் கீழ் வரிப் புள்ளியை இடித்துவிடுகிறது. எழுத்து 60 என்றால் லீடிங்கை 72இல் விடாமல் 86 அல்லது 90 வையுங்கள். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு மென்பொருள் போடும் போலித் தடிப்பையும் தவிர்க்கலாம்; ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

தலைப்பு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு போல வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் மறுபடி உடைவு திரும்பும். அந்த அனிமேஷன்கள் குறியீட்டை எண்ணுகின்றன, எழுத்தை எண்ணுவதில்லை. முதலில் ‘க’ வரும், அடுத்த நொடியில் அது தள்ளிப்போய்க் கொம்பு முன்னால் குதிக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரேஞ்ச் செலக்டரின் `Based On` என்பதை `Characters` என்பதிலிருந்து `Words` என்று மாற்றினால் சொல் சொல்லாக வரும், எதுவும் உடையாது.

உங்கள் மென்பொருளில் எஞ்சினை மாற்றும் வழியே இல்லையென்றால், எழுத்தை வெளியே செய்து படமாகக் கொண்டுவருவதுதான் நிச்சயமான வழி. இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் தமிழ் ஒழுங்காக அமையும். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். 1920 பிக்சல் அகலம், 6000 பிக்சல் உயரம் உள்ள பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒளிப்பதிவு’, ‘படத்தொகுப்பு’, ‘கலை இயக்கம்’ முதலிய பொறுப்புகளை ஒரு பெட்டியில் வலப்பக்கம் ஒட்டியும், பெயர்களை இன்னொரு பெட்டியில் இடப்பக்கம் ஒட்டியும் அடுக்குங்கள். ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கினால் எழுத்துரு மாறியதும் வரிசை கோணிக்கொள்ளும். முடிந்ததும் பின்னணி இல்லாத படமாக ஏற்றுமதி செய்யலாம்:

```
inkscape peyargal.svg --export-type=png \
  --export-filename=peyargal.png --export-width=1920
```

இந்தப் படத்தை 1080 பிக்சல் உயரத் திரையில் கீழிருந்து மேலே ஓட்ட வேண்டும். எடிட்டிங் மென்பொருள் படத்தைத் திரைக்குள் அடங்கும்படி சுருக்கிவிடாமல் 100 விழுக்காட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படத்தின் நடுப்புள்ளியை வைத்துக் கணக்கிட்டால், தொடக்கத்தில் செங்குத்து நிலை 4080, முடிவில் கழித்தல் 3000. கடக்கும் தூரம் 7080 பிக்சல். ஒரு ஃப்ரேமுக்கு 3 பிக்சல் வீதம் 2360 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஏறத்தாழ 98 நொடி. ஒவ்வொரு பெயரும் திரையில் 15 நொடி இருக்கும், நிதானமாக வாசிக்கலாம்.

பாட்டு 90 நொடியில் முடிகிறது என்பதற்காக இதை 90 நொடிக்குள் அமுக்கினால் ஃப்ரேமுக்கு 3.28 பிக்சல் என்று பின்னம் விழும். படம் பிக்சல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஓட, புள்ளிகளும் மேல்விலங்கின் மெல்லிய கோடுகளும் மினுக்கும். வேகத்தைத் தொடாமல் பகுதிகளுக்கு இடையிலான வெற்றிடத்தைக் குறையுங்கள். 90 நொடிக்கு 2160 ஃப்ரேம், 3 பிக்சல் வீதம் 6480. அதில் திரையின் 1080 போனால் படத்தின் உயரம் 5400 இருக்க வேண்டும். ‘நன்றி’ பகுதியை ஒற்றைப் பத்தியாக அடுக்காமல் இரண்டு பத்தியாக்கினாலே அந்த 600 பிக்சல் பெரும்பாலும் கிடைத்துவிடும்.