இருபதும் பத்தும் முப்பதல்ல

ஆடித் தள்ளுபடி பில் ஒன்று பள்ளிக் கணக்காக வருகிறது. சேலையின் குறித்த விலை ரூ.2,000. தள்ளுபடி 20%, அதன்மேல் இன்னொரு 10%. கடைக்காரருக்கு அடக்க விலை ரூ.1,200.

இரண்டையும் கூட்டி, 30% கழித்து 1,400 என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. அங்கேதான் சறுக்கல். முதல் தள்ளுபடியில் 400 போக மிச்சம் 1,600. அடுத்த 10% இந்த 1,600க்குத்தான். 160 கழிய, விற்ற விலை ரூ.1,440. ஆக மொத்தத் தள்ளுபடி 28% மட்டுமே. (கடை வாசல் பலகை என்னவோ முப்பது போலத்தான் காட்டும்!) 10 சதவீதத்தை முதலில் கழித்தாலும் அதே 1,440தான்.

இலாபம் 240 ரூபாய். இதை விற்ற விலையால் வகுத்தால் 16.67% என்று தப்பாக வரும். வகுக்க வேண்டியது அடக்க விலையால்: 240ஐ 1,200ஆல் வகுத்து நூறால் பெருக்க, இலாபம் 20%.